வாழ்நாள் சாலை வரி (தமிழ்நாடு)

வாழ்நாள் சாலை வரி அல்லது வாழ்நாள் வரி என்பது, புதிய மோட்டார் வாகனம் ஒன்றைப் பதிவு செய்யும்போது அதன் விலையில் குறிப்பிட்ட விழுக்காடாகக் கணக்கிடப்பட்டு, ஒரே தவணையில் மாநில அரசுக்குச் செலுத்தப்படும் வரி ஆகும். ஆயுட்கால வரி என்றும் இது வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம், 1974 என்பதன் கீழ் இவ்வரி விதிக்கப்படுகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர வாகனங்களும் மகிழுந்துகளும் இவ்வரியின் முதன்மையான இலக்குகள் ஆகும். வாடகை வாகனங்களுக்கும் சரக்கு வாகனங்களுக்கும் பொதுவாகக் காலாண்டு அல்லது ஆண்டு அடிப்படையில் வேறு வகையான வரிகள் உள்ளன.

இவ்வரியின் வீதம் எல்லா வாகனங்களுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. வாகனத்தின் விலை எந்த விலை வரம்புக்குள் அமைகிறதோ அதற்குரிய வீதம் பொருந்தும். அவ்வாறு பொருந்தும் வீதம், வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டுமன்றி வாகனத்தின் முழு விலைக்கும் விதிக்கப்படுகிறது. இதனால் விலை வரம்பின் ஓரத்தில் ஒரு ரூபாய் கூடினாலும் வரி பல ஆயிரம் ரூபாய் உயர்கிறது. இவ்வரியைப் பற்றிய குழப்பங்களும் பூசல்களும் பெரும்பாலும் இந்த இயல்பிலிருந்தே எழுகின்றன.

## சட்ட அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57ஆம் பதிவு, சாலையில் பயன்படுத்தத்தக்க வாகனங்கள் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு வழங்குகிறது. அவ்வரிகளுக்கான பொதுக் கோட்பாடுகள் ஒருங்கியல் பட்டியலின் 35ஆம் பதிவில் இடம்பெறுகின்றன. ஆகவே வாகனப் பதிவுக்கான நெறிகள் நடுவண் சட்டமாகிய மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன்படி நாடு முழுவதும் ஒன்றாக இருந்தாலும், வரியின் வீதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

வாகன வரி என்பது சாலையைப் பயன்படுத்துவதற்கு ஈடாகப் பெறப்படும் தொகை என்ற கருத்து நெடுங்காலம் நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்து வந்தது. 1974 இல் உச்ச நீதிமன்றம் போலானி ஓர்சு வழக்கில், பொதுச் சாலைகளில் ஓடாத சுரங்க வாகனங்களைப் பற்றி முடிவு செய்தபோது இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. 2016 நவம்பரில் சிண்டால் சிடெயின்லெசு வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஈட்டு வரி என்ற கோட்பாட்டைக் கைவிட்டது. வாழ்நாள் வரியை இன்று சாலைக்கான கட்டணமாகப் பார்ப்பதைவிட, வாகனத்தின் மீதான பொதுவான வரியாகப் பார்ப்பதே பொருந்தும். வாகனம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, சாலைக்கு எவ்வளவு தேய்மானம் தருகிறது என்பவை இவ்வரியின் கணக்கில் வருவதில்லை. விலை மட்டுமே கணக்கில் வருகிறது.

## எடையிலிருந்து விலைக்கு

முற்காலத்தில் மகிழுந்துகளுக்கு, வெற்று எடையை அடிப்படையாகக் கொண்டு ஆண்டுதோறும் வரி பெறப்பட்டது. உரிமையாளர் ஒவ்வோர் ஆண்டும் வரி செலுத்தவேண்டியிருந்தது; செலுத்தாதவர்களைச் சாலையில் மறித்துக் கண்டறியவேண்டிய பொறுப்பு அலுவலர்களுக்கு இருந்தது. ஒருமுறை வரி முறை இவ்விரண்டு சுமைகளையும் நீக்கியது. வரி செலுத்தாமல் பதிவெண் பெற இயலாது என்பதால் வரி ஏய்ப்புக்கான வாய்ப்பும் குறைந்தது.

எடைக்கு மாற்றாக விலையை அடிப்படையாகக் கொண்டதில் இரண்டு விளைவுகள் உள்ளன. வாகன விலை உயரும்போது, வரி வீதத்தை மாற்றாமலேயே அரசின் வருவாய் உயர்கிறது. கூடுதல் விலையுள்ள வாகனத்தை வாங்குவோர் கூடுதல் வரி செலுத்துகின்றனர். விலை வரம்புகளை வகுத்து வீதத்தை உயர்த்திச் செல்வதன் நோக்கமும் இந்த இரண்டாவது விளைவை வலுப்படுத்துவதே ஆகும்.

ஒருமுறை வரியில் ஒரு குறையும் உண்டு. வாகனத்தை மூன்று ஆண்டுகள் மட்டும் ஓட்டுபவரும் பதினைந்து ஆண்டுகள் ஓட்டுபவரும் தொடக்கத்தில் ஒரே தொகையைச் செலுத்துகின்றனர். அதே மாநிலத்துக்குள் வாகனம் கைமாறும்போது புதிய உரிமையாளர் மீண்டும் வாழ்நாள் வரி செலுத்தவேண்டியதில்லை. முதல் உரிமையாளர் செலுத்திய வரியின் எஞ்சிய பயன் மறுவிற்பனை விலையில் கலந்துவிடுகிறது.

## வரி வீதங்கள்

2023 நவம்பருக்கு முன்னர், தமிழ்நாட்டில் புதிய இருசக்கர வாகனங்களுக்கு விலை எதுவாயினும் 8 விழுக்காடு வரி இருந்தது. மகிழுந்துகளுக்கு இரண்டு விலை வரம்புகள் இருந்தன: 10 இலட்சம் ரூபாய் வரை 10 விழுக்காடு, அதற்கு மேல் 15 விழுக்காடு. 2023 அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தத்தின் வழியாக, நவம்பர் முதல் கீழ்க்காணும் வீதங்கள் நடைமுறைக்கு வந்தன.

| வாகனம் | விலை | வீதம் |
|---|---|---|
| இருசக்கர வாகனம் | 1 இலட்சம் வரை | 10% |
| இருசக்கர வாகனம் | 1 இலட்சத்துக்கு மேல் | 12% |
| மகிழுந்து | 5 இலட்சம் வரை | 12% |
| மகிழுந்து | 5 இலட்சத்துக்கு மேல், 10 இலட்சம் வரை | 13% |
| மகிழுந்து | 10 இலட்சத்துக்கு மேல், 20 இலட்சம் வரை | 18% |
| மகிழுந்து | 20 இலட்சத்துக்கு மேல் | 20% |

விலை சரியாக 10 இலட்சமாக இருந்தால் அது கீழ் வரம்பைச் சேரும். வரம்பைத் தாண்டினால் மட்டுமே மேல் வீதம் பொருந்தும்.

வாழ்நாள் வரியுடன் சாலைப் பாதுகாப்பு வரி என்ற சிறு தொகையும் ஒருமுறை பெறப்படுகிறது. அது விலையைச் சார்ந்ததன்று. வாகன வகைக்கேற்ற நிலையான தொகை ஆகும். பதிவுக் கட்டணம், பதிவுச் சான்று அட்டைக்கான கட்டணம் ஆகியவையும் வரியிலிருந்து வேறானவை.

## கணக்கிடும் முறை

வரி கணக்கிடப்படும் விலை, பொதுவாக விற்பனையகங்களில் "எக்ஸ் ஷோரூம் விலை" எனக் கூறப்படும் காட்சியக விலை ஆகும். இதில் சரக்கு மற்றும் சேவை வரி அடங்கும். காப்பீடு, பதிவுக் கட்டணம், தனியே வாங்கப்படும் துணைப்பொருட்கள் ஆகியவை இதில் அடங்கா. ஆகவே வாங்குபவர் நடுவண் அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்ளும் ஒரு வரியைச் செலுத்தி, அவ்வரியும் சேர்ந்த தொகையின் மீது வாழ்நாள் வரியையும் செலுத்துகிறார். வரியின் மீது வரி என்ற குறைகூறல் இதனால் எழுவதாகும்.

வருமான வரியின் படிநிலை முறைக்குப் பழகியவர்கள், வாழ்நாள் வரியும் அவ்வாறே கணக்கிடப்படும் எனத் தவறாகக் கருதுவதுண்டு. 12 இலட்சம் ரூபாய் விலையுள்ள மகிழுந்தை எடுத்துக்கொள்வோம். வருமான வரி போலப் படிப்படியாகக் கணக்கிட்டால், முதல் 5 இலட்சத்துக்கு 12 விழுக்காடாக 60,000 ரூபாயும், அடுத்த 5 இலட்சத்துக்கு 13 விழுக்காடாக 65,000 ரூபாயும், எஞ்சிய 2 இலட்சத்துக்கு 18 விழுக்காடாக 36,000 ரூபாயும் சேர்ந்து 1,61,000 ரூபாய் வரும். ஆனால் வாழ்நாள் வரி முழு 12 இலட்சத்துக்கும் 18 விழுக்காடாக, அதாவது 2,16,000 ரூபாயாக உள்ளது. இரண்டுக்கும் இடையே 55,000 ரூபாய் வேறுபாடு உள்ளது.

## விலை வரம்பின் ஓரத்தில் ஏற்படும் தாவல்

முழு விலைக்கும் ஒரே வீதம் பொருந்துவதால், ஒவ்வொரு வரம்பிலும் வரித்தொகை திடீரெனத் தாவுகிறது. இத்தாவலின் அளவு எல்லா வரம்புகளிலும் ஒன்றாக இல்லை.

* 5 இலட்சத்தில், 12 விழுக்காடு 13 ஆகும்போது வரி 60,000 ரூபாயிலிருந்து 65,000 ரூபாய் ஆகிறது. தாவல் 5,000 ரூபாய்.
* 10 இலட்சத்தில், 13 விழுக்காடு 18 ஆகும்போது வரி 1,30,000 ரூபாயிலிருந்து 1,80,000 ரூபாய் ஆகிறது. தாவல் 50,000 ரூபாய்.
* 20 இலட்சத்தில், 18 விழுக்காடு 20 ஆகும்போது வரி 3,60,000 ரூபாயிலிருந்து 4,00,000 ரூபாய் ஆகிறது. தாவல் 40,000 ரூபாய்.

இவற்றுள் 10 இலட்சம் என்ற வரம்பே வாங்குவோரை மிகுதியாகப் பாதிப்பதாகும். 20 இலட்சத்தில் ஏற்படும் தாவலைவிட இங்கு ஏற்படும் தாவல் தொகையிலும் பெரியது. வாகன விலையோடு ஒப்பிட்டால் இன்னும் பெரியது. 2023க்கு முன்னரும் இவ்வரம்பில் 10 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடு என ஐந்து புள்ளித் தாவல் இருந்தது. திருத்தத்தின்போது வீதங்கள் உயர்ந்தாலும் இந்த 50,000 ரூபாய்த் தாவல் மாறாமல் அப்படியே நின்றது.

வேறொரு வகையில் கூறினால், வாகன விலையும் வாழ்நாள் வரியும் சேர்ந்த தொகை 11,30,000 ரூபாய்க்கு மேலும் 11,80,000 ரூபாய் வரையும் அமையக்கூடிய மகிழுந்தே தமிழ்நாட்டில் இருக்க இயலாது. 10 இலட்சம் ரூபாய் மகிழுந்து 11,30,000 ரூபாயில் நின்றுவிடுகிறது. அதைவிட ஒரு ரூபாய் கூடிய மகிழுந்து 11,80,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. உற்பத்தியாளர் தம் மகிழுந்தின் விலையை 10 இலட்சத்திலிருந்து 10 இலட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தினால், விலை உயர்வு 20,000 ரூபாய்தான். ஆனால் வாங்குபவர் செலுத்தும் மொத்தத் தொகை 11,30,000 ரூபாயிலிருந்து 12,03,600 ரூபாயாக, அதாவது 73,600 ரூபாய் உயர்கிறது.

மகிழுந்து விலைகள் 9 இலட்சத்து 99 ஆயிரம் என முடிவதைப் பரவலாகக் காணலாம். விலையைச் சிறிதாகத் தோற்றுவிக்கும் வணிக உத்தி இதில் உண்டு என்பதாலும், பெரும்பாலான உற்பத்தியாளர்கள் நாடு தழுவிய விலையை வகுப்பதாலும், இதனைத் தமிழ்நாட்டு வரியின் விளைவு என்று மட்டும் கொள்ள இயலாது. எனினும் அவ்விலையில் வாங்குபவருக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் பயன் ஆயிரம் ரூபாய் அன்று, ஐம்பதாயிரம் ரூபாய் ஆகும். ஒரே மாதிரியின் இரு வகைகளில் ஒன்று வரம்புக்குக் கீழும் மற்றொன்று சற்று மேலும் இருந்தால், காட்சியக விலைகளின் வேறுபாட்டை மட்டும் பார்த்து முடிவு செய்பவர் ஏமாறக்கூடும்.

இருசக்கர வாகனங்களில் இத்தாவல் சிறியது. 1 இலட்சம் ரூபாயில் வரி 10,000 ரூபாயிலிருந்து 12,000 ரூபாயாகிறது.

## எடுத்துக்காட்டு: 2025 செப்டம்பர் விலைக் குறைப்பு

விலை வரம்பின் ஆற்றலை 2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி மாற்றம் தெளிவாகக் காட்டியது. அதுவரை நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 கன செ.மீ.க்கு மிகாத பொறியும் கொண்ட சிறிய பெட்ரோல் மகிழுந்துகளுக்கு 28 விழுக்காடு வரியும் 1 விழுக்காடு இழப்பீட்டுத் தீர்வையும் சேர்ந்து 29 விழுக்காடு இருந்தது. அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் வாழ்நாள் வரி வீதத்தில் இம்மாற்றத்தால் எந்தத் திருத்தமும் நிகழவில்லை.

வரிகளுக்கு முந்தைய விலை 8,40,000 ரூபாயாக உள்ள சிறிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றைக் கொள்வோம்.

| விவரம் | மாற்றத்துக்கு முன் (ரூபாய்) | மாற்றத்துக்குப் பின் (ரூபாய்) |
|---|---|---|
| வரிக்கு முந்தைய விலை | 8,40,000 | 8,40,000 |
| சரக்கு மற்றும் சேவை வரி, தீர்வை | 2,43,600 | 1,51,200 |
| காட்சியக விலை | 10,83,600 | 9,91,200 |
| வாழ்நாள் வரி வீதம் | 18% | 13% |
| வாழ்நாள் வரி | 1,95,048 | 1,28,856 |
| மொத்தம் | 12,78,648 | 11,20,056 |

வாங்குபவருக்கு மொத்தம் 1,58,592 ரூபாய் குறைந்தது. இதில் சரக்கு மற்றும் சேவை வரியில் குறைந்தது 92,400 ரூபாய் மட்டுமே. எஞ்சிய 66,192 ரூபாய் வாழ்நாள் வரியில் குறைந்ததாகும்.

இந்த 66,192 ரூபாயையும் இரண்டாகப் பிரிக்கலாம். வீதம் 18 விழுக்காடாகவே நீடித்திருந்தால், குறைந்த விலையின் மீதான வரி 1,78,416 ரூபாயாக இருந்திருக்கும். அதாவது விலை குறைந்ததால் மட்டும் 16,632 ரூபாய் குறைந்திருக்கும். மீதி 49,560 ரூபாய், மகிழுந்து 10 இலட்சம் என்ற வரம்புக்குக் கீழே இறங்கியதால் கிடைத்ததாகும். மாநில அரசின் பக்கத்திலிருந்து பார்த்தால், தன் வீதத்தை மாற்றாத நிலையிலேயே இத்தகைய ஒவ்வொரு மகிழுந்திலும் அதன் வாழ்நாள் வரி வருவாய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இருசக்கர வாகனங்களிலும் இது நிகழ்ந்தது. 350 கன செ.மீ. வரையான வாகனங்களுக்கு வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. வரிக்கு முந்தைய விலை 80,000 ரூபாயாக உள்ள ஒரு வண்டியின் காட்சியக விலை 1,02,400 ரூபாயிலிருந்து 94,400 ரூபாயானது. வாழ்நாள் வரி 12,288 ரூபாயிலிருந்து 9,440 ரூபாயாகக் குறைந்தது.

இதற்கு எதிர்த்திசையிலான விளைவு மெதுவாக, ஆனால் தொடர்ந்து நிகழ்கிறது. விலை வரம்புகள் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தப்படுவதில்லை. 10 இலட்சம் என்ற வரம்பு 2023 திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அதே தொகையாகவே உள்ளது. உற்பத்தியாளர்கள் ஆண்டுதோறும் விலையைச் சிறிது உயர்த்தும்போது, நடுத்தர மகிழுந்துகள் ஒவ்வொன்றாக வரம்பைத் தாண்டி உயர் வீதத்துக்குள் செல்கின்றன. சட்டமன்றம் எதையும் மாற்றாமலே வரி உயர்கிறது.

## தள்ளுபடியும் விலைப்பட்டியலும்

விலையே வரியின் அடிப்படை என்பதால், எது விலை என்ற வினா முக்கியமானதாகிறது. 10 இலட்சத்து 15 ஆயிரம் ரூபாய் மகிழுந்துக்கு விற்பனையாளர் 20,000 ரூபாய் தள்ளுபடி வழங்கினால், வரி எந்தத் தொகையின் மீது விதிக்கப்படவேண்டும் என்பதில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட வேறுபாடு அடங்கியுள்ளது.

கேரளம் இதற்குச் சட்டத்திலேயே விடை வகுத்துள்ளது. கேரள மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம், 1976 "கொள்முதல் மதிப்பு" என்பதை விலைப்பட்டியலில் காட்டப்பட்ட, வரிகளும் தீர்வைகளும் உள்ளடங்கிய மதிப்பாக வரையறுக்கிறது. விற்பனையாளர் உரிமையாளருக்கு வழங்கும் தள்ளுபடியைக் கழிக்கலாகாது எனவும் அது குறிப்பிடுகிறது. இவ்வாறான விதி இல்லையெனில், தள்ளுபடி என்ற பெயரில் விலையை வரம்புக்குக் கீழே இறக்கி, அத்தொகையைத் துணைப்பொருள் அல்லது பராமரிப்பு ஒப்பந்தம் என்ற பெயரில் வேறு பட்டியலில் பெறும் வழி திறந்துவிடும்.

வாங்குபவர் நோக்கில் இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. தரைவிரிப்பு, இருக்கை உறை போன்ற துணைப்பொருட்களின் விலையை வாகனத்தின் விலைப்பட்டியலிலேயே சேர்த்து எழுதினால், அவற்றுக்கும் வாழ்நாள் வரி விழக்கூடும். வரம்புக்குச் சற்றுக் கீழே உள்ள மகிழுந்தில் இச்சேர்க்கை முழு விலையையும் உயர் வீதத்துக்குள் தள்ளிவிடும்.

## பதிவும் வரியைச் சரிபார்த்தலும்

புதிய வாகனத்தின் பதிவுக்குப் படிவம் 20 இல் விண்ணப்பமும், படிவம் 21 இல் விற்பனையாளரின் விற்பனைச் சான்றும், படிவம் 22 இல் உற்பத்தியாளரின் தகுதிச் சான்றும், விலைப்பட்டியலும், காப்பீட்டுச் சான்றும் தேவைப்படும். விவரங்கள் "வாகன்" என்னும் நடுவண் மென்பொருளில் பதிவு செய்யப்பட்டு, வரி கணக்கிடப்பட்டு, இணையவழியே செலுத்தப்படுகிறது. பெரும்பாலும் விற்பனையாளரே இவற்றைச் செய்து முடிப்பதால், வாங்குபவர் "சாலைக்கு வரும் விலை" என்ற ஒற்றைத் தொகையையே அறிகிறார்.

அத்தொகையில் வரி எவ்வளவு, விற்பனையாளரின் சொந்தக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது கடினமன்று. விலைப்பட்டியலில் உள்ள வாகன விலையைப் பார்த்து அதற்குரிய வீதத்தால் முழு விலையையும் பெருக்கவேண்டும். விடை, வரிப் பற்றுச்சீட்டில் வாழ்நாள் வரி என்ற தலைப்பில் உள்ள தொகையுடன் ஒத்திருக்கவேண்டும். சாலைப் பாதுகாப்பு வரியும் கட்டணங்களும் அதே பற்றுச்சீட்டில் தனித்தனித் தலைப்புகளில் காணப்படும். காட்சியக விலை, பற்றுச்சீட்டின் கூட்டுத்தொகை, காப்பீட்டுத் தொகை ஆகிய மூன்றையும் மொத்தத்திலிருந்து கழித்த பின்னரும் ஏதேனும் எஞ்சினால், அது அரசுக்குச் செல்லும் தொகையன்று. "கையாளுதல் கட்டணம்" போன்ற பெயர்களில் விற்பனையாளர் பெறுவதாகும்.

## மாநிலம் மாறும்போது

வாழ்நாள் வரி என்ற பெயர் நாடு முழுவதற்குமான வாழ்நாளைக் குறிப்பதன்று. அது ஒரு மாநிலத்துக்குள் மட்டுமே பொருந்தும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற வாகனம் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைக்கப்பட்டால் அங்கு புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்கு முதல் மாநிலத்தில் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெறவேண்டும். புதிய மாநிலம் வாகனத்தின் வயதுக்கேற்பக் குறைந்துசெல்லும் தனி வீதப்பட்டியின்படி தன் வரியைப் பெறுகிறது. பழைய மாநிலத்தில் எஞ்சிய காலத்துக்குரிய வரியைத் திரும்பப் பெற உரிமையாளர் தனியே விண்ணப்பிக்கவேண்டும். புதிய வரியை முதலில் செலுத்திவிட்டுப் பின்னரே பழைய வரி திரும்பி வரும் என்பதால், இடைக்காலத்தில் இரு மாநிலங்களின் வரியும் உரிமையாளரின் தலையில் நிற்கின்றன.

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குப் பணிக்குச் செல்வோர் இதனைப் பெரிதும் எதிர்கொள்கின்றனர். கருநாடகமும் விலை வரம்பு முறையையே பின்பற்றுகிறது. அங்கு மகிழுந்துகளுக்கு 5 இலட்சம் வரை 13 விழுக்காடு, 10 இலட்சம் வரை 14, 20 இலட்சம் வரை 17, அதற்கு மேல் 18 என்ற வீதங்கள் பல ஆண்டுகளாக இருந்துவந்தன. அவ்வரியின் மீது 11 விழுக்காடு கூடுதல் தீர்வையும் சேர்ந்ததால், 17 விழுக்காடு எனக் காணப்படுவது உண்மையில் 18.87 விழுக்காடு ஆனது.

இச்சிக்கலுக்குப் பகுதித் தீர்வாக நடுவண் அரசு 2021 இல் பாரத் வரிசை என்ற பதிவு முறையைக் கொண்டுவந்தது. படைத்துறையினர், அரசு ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகங்கள் கொண்ட தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள் ஆகியோர் இதனைப் பெறலாம். இதில் வரி ஒரே தவணையில் பெறப்படாமல் இரண்டிரண்டு ஆண்டுகளாகப் பெறப்படுகிறது. வீதம் 10 இலட்சத்துக்குக் குறைவான விலைக்கு 8 விழுக்காடு, 20 இலட்சம் வரை 10, அதற்கு மேல் 12 ஆகும். டீசல் வாகனங்களுக்கு இரண்டு புள்ளிகள் கூடும். மின் வாகனங்களுக்கு இரண்டு புள்ளிகள் குறையும். சரக்கு மற்றும் சேவை வரியை நீக்கிய விலையே இங்கு அடிப்படை ஆகும். மேலே காட்டிய எடுத்துக்காட்டு மகிழுந்துக்குத் தமிழ்நாட்டு வரி 9,91,200 ரூபாயின் மீது கணக்கிடப்படுகையில், பாரத் வரிசையில் 8,40,000 ரூபாயின் மீது கணக்கிடப்படும்.

## விலக்குகள்

மின்கலத்தால் இயங்கும் வாகனங்களுக்குத் தமிழ்நாடு அரசு 2020 நவம்பர் முதல் 2022 திசம்பர் வரை முழு வரிவிலக்கு வழங்கியது. பின்னர் இவ்விலக்கு 2025 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. வரி விலையைச் சார்ந்திருப்பதால், விலக்கின் பயனும் விலையைச் சார்ந்தே அமைந்தது. 9 இலட்சம் ரூபாய் மின் மகிழுந்தை வாங்கியவர் 1,17,000 ரூபாய் வரியிலிருந்து விடுபட்டார். 25 இலட்சம் ரூபாய் மின் மகிழுந்தை வாங்கியவர் 5 இலட்சம் ரூபாய் வரியிலிருந்து விடுபட்டார். வசதி மிக்கோருக்குக் கூடுதல் வரி என்ற நோக்கில் அமைந்த விலை வரம்புகள், விலக்கு வழங்கும்போது வசதி மிக்கோருக்குக் கூடுதல் சலுகையாக மாறுகின்றன. கருநாடகம் 2024 இல் 25 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மின் மகிழுந்துகளுக்கு மட்டும் 10 விழுக்காடு வரி விதித்தது இந்த முரணைக் குறைக்கும் ஒரு வழியாக அமைந்தது. எனினும் அங்கும் வரி முழு விலைக்கும் விதிக்கப்படுவதால், 25 இலட்சம் என்ற புதிய வரம்பில் இரண்டரை இலட்சம் ரூபாய்த் தாவல் ஒன்று தோன்றியது.

## இவற்றையும் பார்க்க

* சரக்கு மற்றும் சேவை வரி
* மோட்டார் வாகனச் சட்டம், 1988
* வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்
* இந்திய வாகனப் பதிவெண்கள்